கம்பெனி வரலாறு என்று பயோடேட்டா எழுதாதீர்கள்: வங்கிக் கடன் அறிக்கையின் முதல் இரண்டு பக்கங்கள்

கோயம்புத்தூர் கணபதியில் நானும் தம்பியும் ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறோம். பம்ப் கம்பெனிகள் அனுப்பும் காஸ்டிங்குகளைக் கடைந்து, துளை போட்டு, திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க். புரோகிராம் போட்டு ஓட்டும் விஎம்சி இயந்திரம் ஒன்று புதிதாக வாங்குவதற்காகப் போன வருடம் 24 லட்சம் டெர்ம் லோன் கேட்டு விண்ணப்பித்தோம். திட்ட அறிக்கை எழுதித் தர ஒருவருக்கு 15,000 ரூபாய் கொடுத்தோம். ஐந்து வாரம் கழித்து ஃபைல் திரும்பி வந்தது.

வருமானக் கணக்கு, தவணைக் கணக்கு எதிலும் குறை சொல்லவில்லை. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், கம்பெனி அறிமுகமும் வரலாறும் இருந்த இடத்தில், பென்சிலால் நான்கு கேள்விக்குறிகள். "28 ஆண்டு அனுபவம்" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒன்று. "பம்ப் உதிரிபாக உற்பத்தியாளர்" என்பதற்கு ஒன்று. "15 திறமையான தொழிலாளர்கள்" என்பதற்கு ஒன்று. நான்காவது என் கல்லூரிப் படிப்பு, தம்பியின் டிப்ளமோ, நான் வாங்கிய விளையாட்டுச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருந்த பத்திக்கு எதிரே, கொஞ்சம் பெரிதாக.

இரண்டாவது முறை அந்தப் பகுதியை நானே எழுதினேன். எட்டு வாரத்தில் சாங்க்ஷன் கடிதம் வந்தது. நான் தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன். உங்களுடையது பேக்கரியாகவோ பிரிண்டிங் பிரஸ்ஸாகவோ இருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான காகிதங்கள் அவைதான்.

1. எழுத உட்காரும் முன் காகிதங்களை எடுத்து வையுங்கள்

இந்தப் பகுதியைப் படிக்கிற கடன் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் அவர் ஏதாவது ஒரு காகிதத்தோடு வைத்துப் பார்ப்பார். ஆகவே காகிதத்திலிருந்து வரிக்குப் போங்கள். நாங்கள் முதலில் வரியை எழுதிவிட்டுக் காகிதம் தேடினோம். எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், அதாவது REG-06, போர்ட்டலில் லாகின் செய்தால் `Services > User Services > View/Download Certificates` என்ற இடத்தில் கிடைக்கும். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. உத்யம் சான்றிதழ் udyamregistration.gov.in தளத்தில் இலவசம். இதற்கு நான் ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன், நீங்கள் கொடுக்காதீர்கள். பார்ட்னர்ஷிப் பத்திரம், மூன்று வருட வருமான வரி ரிட்டர்னும் பேலன்ஸ் ஷீட்டும், மின் இணைப்புப் பில், இப்போது இருக்கும் இயந்திரங்களை வாங்கிய இன்வாய்ஸ்கள், வாடகை இடமென்றால் ஒப்பந்தம். இவை எல்லாம் ஆடிட்டர் அலுவலகத்திலும் வீட்டு பீரோவிலும் இருப்பவைதான். இரண்டு நாள் போதும்.

அதிக நேரம் பிடிப்பது வாடிக்கையாளர் கடிதம். "இவர்கள் எங்களுக்கு இத்தனை வருடமாக வேலை செய்து தருகிறார்கள்" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி கேட்டால், பர்ச்சேஸ் மேனேஜர் தலையாட்டுவார். கையெழுத்து வர மூன்று வாரம் ஆகும். அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். வராமல் போனாலும் மாற்று வழி உண்டு, நான்காவது தலைப்பில் சொல்கிறேன்.

2. எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

எங்கள் ஃபைலைக் கவிழ்த்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒவ்வொரு காகிதத்திலும் இருக்கும் தேதியை எழுதுங்கள். எங்கள் தாள் இப்படி இருந்தது. அப்பா லேத் பட்டறை போட்டது 1996 என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மாவட்ட தொழில் மையம் கொடுத்த சிறுதொழில் பதிவுச் சான்றிதழில் 1998. அப்பா பெயரிலான ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 முதல். நானும் தம்பியும் போட்ட பார்ட்னர்ஷிப் பத்திரம் 2019 ஆகஸ்ட். புது ஜிஎஸ்டி எண் 2019 செப்டம்பர். உத்யம் பதிவு 2021, அதில் தொழில் தொடங்கிய தேதி என்று பிரவுசிங் சென்டர்காரர் போட்டிருந்தது பதிவு செய்த அன்றைய தேதி.

அறிக்கை 28 ஆண்டு என்றது. உத்யம் நான்கு ஆண்டு என்றது. ஜிஎஸ்டி எண்ணை யார் வேண்டுமானாலும் போர்ட்டலில் லாகின் இல்லாமலே தேடிப் பார்க்கலாம். `Effective Date of registration` என்று தேதி வந்துவிடும். அதிகாரி பார்த்தது 2019. மூன்று இடத்தில் மூன்று வயது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேள்விக்குறிதான் போட்டிருப்பேன்.

இதன் அடியில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. தனி ஆள் நடத்தும் தொழிலுக்கு அவருடைய பான் எண்ணே பான் எண். அது பார்ட்னர்ஷிப் ஆனால் அந்த ஃபர்ம் புதிய ஆள், புதிய பான். பான் மாறினால் ஜிஎஸ்டியும் மாறும், உத்யமும் புதிதாக எடுக்க வேண்டும். பட்டறை அதே இடம், லேத் அதே லேத், வாடிக்கையாளரும் அவர்களேதான். ஆனாலும் காகிதத்தில் கம்பெனி 2019இல் பிறந்தது. எங்களைப் போல அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கிக்கொண்ட பலருக்கும் இந்தச் சிக்கல் இருக்கும், தெரியாமலே.

இதை மறைக்கத் தேவையில்லை. இரண்டு வயதையும் சொல்லி, நடுவில் பாலம் போடும் காகிதத்தைக் காட்டினால் போதும். எங்கள் பாலம் பத்திரத்தின் நான்காவது பிரிவில் இருந்தது. "தந்தையின் தனி உரிமையில் நடந்த தொழிலை அதன் சொத்துகள், பொறுப்புகளோடு இந்த ஃபர்ம் ஏற்றுக்கொள்கிறது" என்று ஒரு வரி. ஆறு வருடமாக அதை யாரும் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்ட நான் உட்பட. உங்கள் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லையென்றால், அப்பாவுடைய கடைசி பேலன்ஸ் ஷீட்டையும் ஃபர்மின் முதல் பேலன்ஸ் ஷீட்டையும் பக்கத்தில் வையுங்கள். அதே லேத் அதே மதிப்பில் இங்கிருந்து அங்கே போயிருந்தால் அதுவும் பாலம்தான். அப்பாவின் ஜிஎஸ்டி ரத்தான உத்தரவு REG-19 இருந்தால் அதையும் சேருங்கள். ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று ஆரம்பித்தது என்று காட்டும்.

பிறகு திருத்தங்கள். உத்யமில் தவறான தொடக்கத் தேதி இருந்தால் அதே தளத்தில், ஆதார் ஓடிபி வைத்து, இலவசமாகத் திருத்தலாம். விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். ஃபைல் உள்ளே போன பிறகு திருத்தினால் கடனுக்காக மாற்றியது போலத் தெரியும். அப்புறம் 1996. அப்பாவுக்கு அந்த வருடத்தின் மேல் பாசம் அதிகம். காகிதம் 1998 என்றுதான் சொல்கிறது என்பதால் 1998 என்றே எழுதினோம். இரண்டு வருடப் பெருமையை விட்டதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

3. "என்ன செய்கிறோம்" என்பதை நான்கு வரியில், உள்ளது உள்ளபடி

எங்கள் பழைய அறிக்கையில் முதல் வரி "தரமான பம்ப் உதிரிபாகங்களை உற்பத்தி செய்யும் முன்னணி நிறுவனம்" என்று இருந்தது. முன்னணி என்ற சொல்லை யாரும் நம்பமாட்டார்கள், அதை விடுங்கள். நிஜமான தொந்தரவு "உற்பத்தி" என்ற சொல்லில் இருந்தது.

காஸ்டிங் எங்களுடையது இல்லை. பம்ப் கம்பெனி சலானில் அனுப்புகிறது, நாங்கள் வேலை செய்து அதே பொருளைத் திருப்புகிறோம், கூலிக்கு மட்டும் பில் போடுகிறோம். ஜிஎஸ்டியில் இது சரக்கு விற்பனை இல்லை, சேவை. அடுத்தவர் பொருளின் மேல் செய்யும் உற்பத்திச் சேவைக்கு எண் 9988. எங்கள் ஒவ்வொரு பில்லிலும், ஒவ்வொரு GSTR-1லும் அந்த எண்தான் இருக்கிறது. அறிக்கை உற்பத்தியாளர் என்கிறது, ரிட்டர்ன் ஜாப் ஒர்க் என்கிறது. உத்யமில் இருந்த தொழில் வகை எண்ணோ 2813இல் தொடங்கியது. அது பம்ப், வால்வு செய்பவர்களுக்கானது. எங்களுக்கு வர வேண்டியது உலோகத்தைக் கடையும் வேலைக்கான 2592. உங்கள் உத்யம் சான்றிதழிலும் இந்த எண்ணைப் பாருங்கள். சிலருக்கு வியாபாரம் என்று விழுந்திருக்கும்.

உள்ளதைச் சொன்னால் கம்பெனி சிறியதாகத் தெரியும் என்று நினைத்துத்தான் எல்லோரும் பெரிதாக எழுதுகிறோம். ஜாப் ஒர்க்கில் நடப்பது நேர்மாறு. 2024-25இல் எங்கள் டர்ன்ஓவர் 58 லட்சம். ஒரு உற்பத்தியாளருக்கு 58 லட்சம் என்றால், அதில் பாதிக்கு மேல் கச்சாப் பொருளுக்குப் போய்விடும் என்று அதிகாரி மனக்கணக்குப் போடுவார். அந்தச் சிறு தொழிலுக்கு 24 லட்சம் இயந்திரமா என்று தோன்றும். கூலி வேலைக்காரருக்கு அந்த 58 லட்சத்தில் கச்சாப் பொருள் செலவே கிடையாது. டூல், மின்சாரம், சம்பளம், வாடகை, அவ்வளவுதான். அதே எண், படிக்கிற விதம் வேறு. எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித் தருவதுதான் கம்பெனி அறிமுகத்தின் வேலை.

நாங்கள் எழுதியது இது:

> "நாங்கள் பம்ப் தயாரிப்பாளர்கள் அனுப்பும் வார்ப்பிரும்புக் காஸ்டிங்குகளைக் கடைந்தும் துளையிட்டும் திருப்பித் தரும் ஜாப் ஒர்க் நிறுவனம். பொருள் வாடிக்கையாளருடையது, எங்கள் பில் கூலிக்கு மட்டுமே. 2024-25இல் சுமார் 1,12,000 துண்டுகள் முடித்தோம். ஒரு துண்டுக்குச் சராசரிக் கூலி 52 ரூபாய். சலான்படி ஒரு காஸ்டிங்கின் சராசரி மதிப்பு 350 ரூபாய், அதாவது வருடத்தில் சுமார் 3.9 கோடி மதிப்புள்ள வாடிக்கையாளர் பொருள் எங்கள் பட்டறையில் வந்து போகிறது."

கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சலான் புத்தகங்களை எடுத்து வைத்துக் கூட்டினேன். ஆனால் சாங்க்ஷனுக்கு முன் நடந்த பேச்சில் அதிகாரி திரும்பத் திரும்பக் குறிப்பிட்டது அந்த வாக்கியத்தைத்தான். நாலு கோடி மதிப்புள்ள பொருளை ஒரு கம்பெனி நம்பி அனுப்புகிறது என்றால் அதற்கு மேல் "நம்பிக்கைக்குரிய நிறுவனம்" என்று நாமாக எழுத வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. டர்ன்ஓவரையும் இந்த 3.9 கோடியையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். அது உங்கள் வருமானம் இல்லை. டர்ன்ஓவர் பத்தியில் 58 லட்சம் மட்டும், GSTR-3B கூட்டினால் வரும் அதே எண், இருக்க வேண்டும்.

4. வரலாற்றுக்கு நிகழ்வுகளைப் பொறுக்குவது

இங்கேதான் பயோடேட்டா புகுந்துவிடும். பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது, கம்பெனி தொடங்கியது என்று வருட வரிசையில் எழுத ஆரம்பித்தால் கை நிற்காது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இரண்டு. அந்த நிகழ்வுக்குக் காகிதம் இருக்க வேண்டும். அந்த நிகழ்வு இப்போது கேட்கும் கடனை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், எவ்வளவு நல்ல கதையானாலும் வெளியே.

இந்த அளவுகோலில் தப்பியவை ஐந்தே ஐந்து. 1998 பதிவு. 2011இல் முதல் சிஎன்சி லேத், அதற்கு அப்பா வாங்கி 2015இல் முடித்த கடன். 2019 பார்ட்னர்ஷிப். 2022இல் இரண்டாவது சிஎன்சி, சொந்தப் பணத்தில். 2024இல் பழைய விஎம்சி ஒன்று வாங்கியது, அதில் இரண்டு ஷிப்ட் ஓட்டியும் வேலை மிஞ்சியது. ஐந்தாவதைப் படித்தவுடன் புது விஎம்சி ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது பாருங்கள். அப்பா முடித்த கடனுக்கு வங்கி கொடுத்த நிலுவையில்லாச் சான்று வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இந்த ஃபைலிலேயே அதிக மதிப்புள்ள காகிதம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாடிக்கையாளர் வரலாறு தனி. "பத்து வருடத்துக்கு மேலான வாடிக்கையாளர்கள்" என்று எழுதுவது சுலபம், காட்டுவது கஷ்டம். கடிதம் வரவில்லையென்றால் வருமான வரித் தளத்திலிருந்து 26AS படிவங்களை இறக்குங்கள். ஜாப் ஒர்க் கூலியில் வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடித்துக் கட்டுவார், தனிநபருக்கு 1 சதவீதம், ஃபர்முக்கு 2 சதவீதம். பழைய வருடங்களில் அது `194C` என்ற பிரிவின் கீழ் தெரியும். பிடித்தவரின் பெயர், தொகை, தேதி எல்லாம் அதில் இருக்கும். அப்பாவின் 2012-13 படிவத்தில் ஒரு பம்ப் கம்பெனியின் பெயர் இருந்தது. ஃபர்மின் 2024-25 படிவத்திலும் அதே பெயர். இரண்டு பக்கத்தையும் மஞ்சள் ஹைலைட்டரால் தேய்த்து இணைப்பில் வைத்தோம். நாம் கேட்டு வாங்கும் கடிதத்தைவிட அரசாங்கத் தளத்திலிருந்து வந்த படிவத்துக்கு மதிப்பு அதிகம், அதை நாம் திருத்தியிருக்க முடியாது என்பது அதிகாரிக்குத் தெரியும்.

இதில் ஒரு பொறி உண்டு. பெரிய பம்ப் கம்பெனியின் பொருள்தான் நம் பட்டறைக்கு வருகிறது, ஆனால் ஆர்டர் கொடுப்பது நடுவில் இருக்கும் வேறொரு சப்ளையர் என்றால், பெரிய கம்பெனியின் பெயரை வாடிக்கையாளராக எழுதாதீர்கள். 26ASஇல் அந்தப் பெயர் இருக்காது. "இன்ன சப்ளையர் வழியாக" என்று எழுதுங்கள். வாடிக்கையாளரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தால் அறிக்கையில் பெயரைப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தரம் பற்றியும் இந்தப் பகுதியில்தான் ஒரு வரி வைத்தோம். "உயர்ந்த தரம்" என்று எழுதவில்லை. 1,12,000 துண்டுகளில் வாடிக்கையாளர் திருப்பியவை 1,340, சுமார் 1.2 சதவீதம், இணைப்பில் டெபிட் நோட்டுகள் என்று எழுதினோம். தம்பி இதைப் போடவே வேண்டாம் என்றான். திருப்பி வந்ததை நாமே சொல்வானேன் என்பது அவன் வாதம். டெபிட் நோட்டு எப்படியும் கணக்கில் தெரியும், நாமாகச் சொல்வது நல்லது என்று அவனைச் சம்மதிக்க வைத்தேன்.

5. கெட்ட வருடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

எல்லோருக்கும் ஒன்று இருக்கும். எங்களுக்கு 2020-21. அதற்கு முந்தைய வருடம் ஃபர்மாக ஏழு மாதமே ஓடி 21 லட்சம் செய்திருந்தோம். 2020-21இல் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து 19 லட்சம். பழைய அறிக்கை 2019இலிருந்து நேராக 2022க்குத் தாவியது. வரலாற்றில் இரண்டு வருடம் காணாமல் போனால், படிப்பவர் முதலில் அந்த இரண்டு வருடத்தைத்தான் தேடிப் போவார்.

காரணத்தை ஊருக்கே தெரிந்த வார்த்தையில் சொல்லி விட்டுவிடுவதும் போதாது. கோவிட் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த வருடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு இரண்டு வரி கொடுங்கள். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

> "2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில் பட்டறை மூடியிருந்தது. அந்த ஆண்டு டர்ன்ஓவர் 19 லட்சம். ஆட்கள் ஏழு பேரில் இருவர் ஊருக்குத் திரும்பினர், மற்ற ஐவருக்கும் சம்பளம் நிற்கவில்லை. மின் கட்டணமும் வாடகையும் 2021 மார்ச்சுக்குள் நிலுவையின்றிக் கட்டப்பட்டன. 2021-22இல் டர்ன்ஓவர் 34 லட்சம்."

சம்பளத்துக்கு வங்கி ஸ்டேட்மென்ட், மின்சாரத்துக்குப் பில். மின் பில் இன்னொரு வகையிலும் உதவும். பட்டறை ஓடியதா, எத்தனை ஷிப்ட் ஓடியது என்பதை யூனிட் கணக்கு சொல்லிவிடும். டர்ன்ஓவர் ஏறிய வருடத்தில் யூனிட்டும் ஏறியிருந்தால் உங்கள் கதைக்கு அதுவே சாட்சி. ஏறாமல் இருந்தால் ஏன் என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

6. உங்களைப் பற்றி எவ்வளவு?

ஒரு பார்ட்னருக்கு மூன்று வரி. முழு பயோடேட்டாவை இணைப்பில் போடுங்கள், வங்கிகள் கேட்கும் படிவத்திலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது. வரலாற்றுப் பகுதியில் வர வேண்டியது, வாங்கப்போகும் இயந்திரத்தை ஓட்டவும் அதற்கு வேலை கொண்டுவரவும் யாருக்குத் தெரியும் என்பது மட்டும். தம்பியைப் பற்றி "மெக்கானிக்கல் டிப்ளமோ, முதல் வகுப்பு" என்று இருந்ததை எடுத்துவிட்டு, "இரண்டு வருடமாகத் தற்போதைய விஎம்சியின் புரோகிராம்களை இவரே எழுதுகிறார், வெளியே கொடுப்பதில்லை" என்று போட்டோம். என் பத்தியில் பி.காம். போய், விலை பேசுவதும் பணம் வசூலிப்பதும் நான், சராசரியாக 52 நாளில் பணம் வருகிறது என்பது வந்தது. அந்த 52 நாள் பெருமைப்படும் எண் இல்லைதான். ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் வரவேண்டிய பாக்கியைப் பார்த்தால் அதுவேதான் வரும்.

ஆட்கள் எண்ணிக்கையில் கவனம். எங்களிடம் இருந்தது ஒன்பது பேர். அறிக்கை எழுதித் தந்தவர் கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று 15 ஆக்கியிருந்தார். பத்து பேர் என்றாலே இஎஸ்ஐ வந்துவிடும், இருபது என்றால் பிஎஃப். பதினைந்து பேர் என்று எழுதிவிட்டு இஎஸ்ஐ சலான் இல்லையென்றால், ஒன்று நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அல்லது சட்டத்தை மீறுகிறீர்கள். அதிகாரிக்கு எது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

7. நீளம், மொழி, கடைசிப் பார்வை

எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கம். எங்களுடைய பழையது ஆறு பக்கம் இருந்தது. அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் முதலில் தமிழில் எழுதுங்கள். தமிழில் "முன்னணி", "உலகத்தரம்" என்று எழுதும்போது நமக்கே சிரிப்பு வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தக் கூச்சம் வருவதில்லை.

எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இணைப்பு எண் போடுங்கள். எண் போட முடியாத வாக்கியத்தை அடியுங்கள். எங்களுக்கு முதல் சுற்றில் பதினொரு வாக்கியம் அடிபட்டது. பிறகு ஆடிட்டரிடம் கொடுத்து எண்களை மட்டும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களிடம் அவர் 2,000 ரூபாய் வாங்கினார். டர்ன்ஓவர் மூன்று இடத்திலும், அதாவது வரலாற்றிலும் ரிட்டர்னிலும் பேலன்ஸ் ஷீட்டிலும், ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஜிஎஸ்டி சேர்த்த தொகையை ஓரிடத்திலும் சேர்க்காததை இன்னோரிடத்திலும் போடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. காகிதம் சேர்க்க ஒரு வாரம், எழுத மூன்று நாள், ஆடிட்டருக்கு நான்கு நாள், வாடிக்கையாளர் கடிதத்துக்கு மூன்று வாரம் என்று ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாங்க்ஷனுக்கு முன் பட்டறையை நேரில் பார்க்க வருவார்கள். கையில் அறிக்கையோடுதான் வருவார்கள். எங்களிடம் வந்தவர் நேராகப் பழைய விஎம்சியிடம் போய்க் குனிந்து, அதன் பெயர்த்தகட்டில் இருந்த வருடத்தைப் படித்தார். 2013. நல்லவேளையாக அறிக்கையில் "2013ஆம் வருட மாடல், 2024இல் பழையதாக வாங்கியது, இன்வாய்ஸ் இணைப்பு 14" என்று எழுதியிருந்தோம். முதல் அறிக்கையில் அது "2024இல் நிறுவிய நவீன விஎம்சி".